விற்பனை வரியின் சுமை

ஒரு சரக்கின் மீது சர்க்கார் வரி விதிக்கும்போது அதைக் கஜானாவில் கட்டுகிறவர் ஒருவராகவும், அதன் காரணமாகக் கைப்பணம் குறையப்பெறுகிறவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பது சந்தைக்குப் போய்வருகிற எவருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்தக் குறைவு வாங்குகிறவருக்கு எவ்வளவு, விற்கிறவருக்கு எவ்வளவு என்று அளந்து சொல்வதற்குப் பொருளாதார சாஸ்திரத்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. வரி முதலில் யார் தலையில் வைக்கப்படுகிறதோ அதை வரித்தாக்கம் என்றும், கைமாறிக் கைமாறி அது கடைசியில் யார் மேல் தங்கிவிடுகிறதோ அதை வரிச்சுமை என்றும் பிரித்துச் சொல்வது மரபு. முன்னதைத் தீர்மானிப்பது சட்டம். பின்னதைத் தீர்மானிப்பது கிராக்கியும் சப்ளையும்.

ஆரம்ப காலத்து ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடையைத் தேடினார்கள். இங்கிலாந்தில் ஜான் லாக் 1692-இல் வெளியிட்ட வட்டி பற்றிய நூலில், வியாபாரி வரியை விலையில் ஏற்றிவிடுவான், உழைப்பாளியிடம் கொடுக்க ஒன்றுமில்லை, ஆகவே எந்த வரியானாலும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் நிலச்சொந்தக்காரன் தலையிலேயே விழும் என்று வாதித்தார். பிரான்சில் கெனேயும் அவருடைய சீடர்களும், உபரியை விளைவிப்பது நிலம் ஒன்றே என்ற சித்தாந்தத்தின் மேல் நின்றுகொண்டு, அதே முடிவுக்கு வேறு பாதையில் வந்து, நிலத்தின் மீது ஒற்றை வரி போதும் என்றார்கள். ஆடம் ஸ்மித் 1776-இல் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்த்து, அத்தியாவசியப் பொருள்களின் வரி கூலியை உயர்த்தும் என்றும், புகையிலை போன்ற ஆடம்பரங்களின் வரியை அவற்றை அனுபவிப்பவரே சுமப்பர் என்றும் கூறினார். இவர்கள் அனைவரிடமும் ஒரு பொதுக் குறை உண்டு: சுமை முழுவதும் ஒருவர் பக்கம் சாயும் என்று எண்ணினார்களேயன்றி, அது பங்கு பிரியக்கூடும் என்பதையும், பிரிந்தால் எந்த விகிதத்தில் பிரியும் என்பதையும் கேட்கவில்லை. 1838-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கூர்னோ அந்தக் கேள்வியைச் சமன்பாடுகளாக எழுதிவிட்டார் என்றாலும், சமன்பாடுகளைக் கண்டு ஒதுங்கிய அக்காலத்துப் பொருளாதார ஆசிரியர்கள் அந்நூலை வெகுகாலம் திறந்தே பார்க்கவில்லை.

விடையைப் படமாக வரைந்து காட்டியவர் பொருளாதார ஆசிரியரே அல்லர். பிளீமிங் ஜென்கின் என்பவர் கடலடித் தந்திக் கம்பிகளைப் பதிப்பதில் பெயர் பெற்ற எஞ்சினியர். எடின்பரோ சர்வகலாசாலையில் எஞ்சினியரிங் பேராசிரியர். அவருடைய மாணாக்கராக இருந்த நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன்தான் பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். எடின்பரோ ராயல் சொசைட்டியின் 1871-72ஆம் ஆண்டு நடவடிக்கைகளில் வெளிவந்த அவருடைய கட்டுரை, விலை ஏற ஏறக் குறைகிற கிராக்கியை ஒரு கோடாகவும், விலை ஏற ஏறக் கூடுகிற சப்ளையை மற்றொரு கோடாகவும் வரைந்து, இரண்டுக்கும் இடையே வரி என்னும் ஆப்பை அடித்தால் என்ன ஆகும் என்று காட்டியது. பாலத்தின் பாரம் எந்தத் தூணில் எவ்வளவு இறங்கும் என்று கணக்கிடுகிற பழக்கம் உடையவருக்கு இந்த யோசனை தோன்றியதில் ஆச்சரியம் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

அவருடைய யுக்தியை நம் ஊர்ச் சரக்கு ஒன்றின் மேல் வைத்துப் பார்க்கலாம். கற்பனையாக ஒரு சந்தையில் நல்லெண்ணெய் படி 10 ரூபாய் விலையில் நாளொன்றுக்கு 1000 படி விற்பதாகக் கொள்வோம். விலை ஒரு ரூபாய் ஏறினால் வாங்குவோர் 50 படி குறைத்துக்கொள்கிறார்கள். கைக்கு வரும் தொகை ஒரு ரூபாய் இறங்கினால் விற்போர் 100 படி குறைவாகக் கொண்டுவருகிறார்கள். இந்நிலையில் சர்க்கார் படிக்கு 3 ரூபாய் வரி விதிக்கிறது. வியாபாரி மூன்று ரூபாயையும் விலையில் ஏற்றி 13 என்று சொன்னால், வாங்குவோர் 850 படிக்குமேல் கேட்கமாட்டார்கள். அவனுக்கோ வரி போகப் பழையபடி 10 ரூபாய் கிடைப்பதால் 1000 படியும் கொண்டுவந்திருப்பான். மாலையில் 150 படி மிஞ்சும். மிஞ்சிய சரக்கு விலையை இறக்கும். அப்படி இறங்கி இறங்கி விலை 12 ரூபாயில் வந்து நிற்கும். அங்கே வாங்குவோர் கேட்பது 900 படி. வரி போக 9 ரூபாய் பெறுகிற விற்போர் கொண்டுவருவதும் 900 படி. ஆக, மூன்று ரூபாய் வரியில் இரண்டு ரூபாய் வாங்குவோர் மேலும், ஒரு ரூபாய் விற்போர் மேலும் தங்கியது. கஜானாவுக்கு வந்த 2700 ரூபாயில் 1800 ஒரு சாராருடையது, 900 மறுசாராருடையது.

இதே வரியை வாங்குகிறவரே நேராகச் சர்க்காரிடம் கட்டவேண்டும் என்று சட்டத்தைத் திருப்பி எழுதினாலும் கணக்கு மாறாது. கடையில் விலை 9 ரூபாயாக இறங்கும், அதன்மேல் 3 ரூபாய் வரி சேர்ந்து அதே 12 ஆகிவிடும். சட்டசபைகளில் இந்த ஒரு பிரச்னையின் மேல் செலவழிந்த நேரத்தை நினைத்தால் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வருகின்றன.

ஜென்கின் இன்னொன்றையும் கவனித்தார். விற்காமற்போன அந்த 100 படியிலிருந்து சர்க்காருக்கு ஒரு காசும் கிட்டவில்லை. ஆனால் அவற்றை வாங்கியிருக்கக்கூடியவரும் விற்றிருக்கக்கூடியவரும் தத்தம் ஆதாயத்தை இழந்தார்கள். நம் உதாரணத்தில் அந்த இழப்பு, 3 ரூபாயை 100 படியால் பெருக்கியதில் பாதி, அதாவது 150 ரூபாய். வரியால் விற்பனை குறையும்போதெல்லாம் மக்கள் இழப்பது கஜானா பெறுவதைவிட அதிகம்.

சரிவு என்று எஞ்சினியர் சொன்னதற்கு நெகிழ்ச்சி என்று பெயரிட்டு, அளவுக்கும் விலைக்கும் உள்ள மாறுதலைச் சதவிகிதங்களால் ஒப்பிடும் வழியை வகுத்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆல்பிரட் மார்ஷல். அவருடைய 1890ஆம் ஆண்டு நூலால் அந்தப் பதம் நிலைபெற்றது. மேற்சொன்ன சந்தையில் பத்து சதவிகித விலையேற்றத்துக்குக் கிராக்கி ஐந்து சதவிகிதம் குறைவதால் அதன் நெகிழ்ச்சி அரை. சப்ளையின் நெகிழ்ச்சி ஒன்று. பின்னாளில் பிரிட்டனின் நிதி மந்திரியாக இருந்த ஹ்யூ டால்டன் 1922-இல் எழுதிய பொது நிதி நூலில் இதை ஒரே வாசகமாகச் சுருக்கினார்: வாங்குவோர் பங்குக்கும் விற்போர் பங்குக்கும் உள்ள விகிதம், சப்ளை நெகிழ்ச்சிக்கும் கிராக்கி நெகிழ்ச்சிக்கும் உள்ள விகிதமே. ஒன்றுக்கு அரை என்பது இரண்டுக்கு ஒன்று. இரண்டு ரூபாயும் ஒரு ரூபாயும் அப்படித்தான் வந்தன. விலகிப் போக இடமில்லாதவன் மேல் பாரம் தங்கும் என்பது இதன் சாரம்.

ஆனால் நெகிழ்ச்சி என்பது பொருளோடு பிறந்த குணம் அன்று. வரியின் அகலமும் அதை நிர்ணயிக்கிறது. எல்லா எண்ணெய்களுக்கும் ஒருசேர வரி போட்டால் இல்லத்தரசிக்குப் போக்கிடம் இல்லை. நல்லெண்ணெய்க்கு மட்டும் போட்டால் அவர் கடலையெண்ணெய்ப் பக்கம் திரும்பிவிடுவார். அவ்வாறு திரும்பி, ரூபாய்க்கு 200 படி குறைத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டால், விலை 11-க்கு மேல் ஏறாது. விற்போர் கையில் 8 ரூபாயே நிற்கும். விற்பனை 800 படியாகச் சுருங்கி, வரி வருமானம் 2400 ரூபாயாகக் குறைந்து, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு விற்போர் தலையில் விழும்.

இதற்குப் பிற்காலச் சாட்சி அமெரிக்காவில் உண்டு. 1990-இல் இயற்றிய சட்டப்படி, ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட உல்லாசப் படகுகளின் முதல் விற்பனையில், அந்த வரம்புக்கு மேற்பட்ட தொகைக்குப் பத்து சதவிகித வரி 1991 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. செல்வந்தரிடம் வசூலிப்பதே நோக்கம். செல்வந்தருக்கோ பழைய படகை வாங்கலாம், வேறு பொழுதுபோக்குக்குப் போகலாம், சும்மாவும் இருக்கலாம். படகு கட்டுகிற தச்சனுக்குத்தான் வேறு தொழில் உடனே கிடைக்காது. பட்டறைகளில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. 1993-இல் படகு வரியை நீக்கிவிட்டார்கள். வரி அமலுக்கு வந்த சமயத்தில் நாடெங்கும் வியாபார மந்தம் இருந்ததால், வேலையிழப்பு முழுவதையும் வரியின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. வரி வராமலிருந்தால் விலையும் விற்பனையும் எப்படி இருந்திருக்கும் என்பது யாரும் கண்ணால் காணாத நிலை. இத்துறை ஆராய்ச்சியின் தீராத சங்கடம் அதுதான்.

இந்தியாவில் பொது விற்பனை வரியை முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம். மதுவிலக்கினால் கள், சாராய வருமானம் குறைந்ததை ஈடுசெய்ய ராஜாஜி மந்திரிசபை 1939-இல் அதை இயற்றியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வியாபாரியின் மொத்த விற்றுமுதல் மேல், ஒரு சதவிகிதத்துக்கும் குறைந்த விகிதத்தில் விதிக்கப்பட்ட வரி அது. ஏறக்குறைய எல்லாச் சரக்கையும் தழுவியதால் வாங்குவோருக்கு ஒதுங்க இடம் குறைவு. ஆதலால் பெரும்பங்கு அவர்கள் மேல் இறங்கும் என்பது கோட்பாட்டின் தீர்ப்பு. என்றாலும் ஓரணாவுக்கு மிளகு வாங்குகிறவரிடம், தம்பிடியிலும் சிறு பின்னமாகிற வரியைக் கேட்டு வாங்க நாணயமே கிடையாது. அத்தகைய சில்லறைக் கடைக்காரர் சிறிது காலமேனும் அதைத் தம் ஆதாயத்திலிருந்தே கொடுத்திருக்கவேண்டும்.

சட்டம் இந்த ஆராய்ச்சியோடு முழுதும் ஒத்துப்போனதில்லை. டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனிக்கும் பிஹார் அரசுக்கும் நடந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1958-இல், விற்பனை வரியைச் செலுத்தும் முதற்பொறுப்பு விற்பவருடையதே என்றும், அதை வாங்குபவரிடம் வசூலித்துக்கொள்ள இடம் இருப்பது வரியின் லட்சணத்துக்கு அவசியமன்று என்றும் தீர்ப்பளித்தது, அதுவரை குழப்பமில்லை. ஆனால் தவறாக வசூலான வரியைத் திருப்பித் தரும்போது, உண்மையில் அதைச் சுமந்தவர் யார் என்று கேட்காமல் தீராதல்லவா? 1991-இல் கலால் சட்டத்தில் சேர்ந்த 12பி பிரிவு, மாறாக நிரூபிக்கப்படும்வரை, வரி கட்டியவர் அதன் முழுச்சுமையையும் வாங்கியவர் மேல் ஏற்றிவிட்டார் என்றே கொள்ளவேண்டும் என்கிறது. சுமையை ஏற்றிவிட்டவருக்குத் திருப்பிப் பெறும் உரிமையில்லை என்பதை மபத்லால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் 1996 டிசம்பரில் உறுதிசெய்தது. நம் எண்ணெய் வியாபாரி அப்படியொரு வழக்கில் நின்றால், படிக்கு ஒரு ரூபாய் தம் கையிலிருந்து போனதை அவரே நிரூபிக்கவேண்டும். வரி இல்லாதிருந்தால் விலை பத்து ரூபாயாக இருந்திருக்கும் என்ற செய்தியோ அவருடைய பேரேட்டின் எந்தப் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்காது.