ஆஃபர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ஜாயினிங் லெட்டர்: நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது எது?

ஒருவர் வேலையில் சேரும்போது வழக்கமாக மூன்று தாள்கள் கைமாறுகின்றன. சம்பளத்தையும் பதவியையும் சொல்லி, வேலை தர விரும்புவதாக நிறுவனம் தெரிவிப்பது ஆஃபர் லெட்டர். பணி நிபந்தனைகள் முழுவதையும் எழுதி நியமிப்பது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், அதாவது பணி நியமன ஆணை. இன்ன தேதியில் பணியேற்றதாக ஊழியர் எழுதித் தருவது ஜாயினிங் லெட்டர். சேர வேண்டிய நாளைக் குறிப்பிட்டு நிறுவனம் அனுப்பும் கடிதத்தையும் சில இடங்களில் இதே பெயரால் அழைக்கிறார்கள்.

உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை தேடுகிறார்கள். வீட்டில் எழும் முதல் கேள்வி "ஆர்டர் வந்துடுச்சா?" என்பதுதான். செல்போனில் வந்து நிற்கும் பி.டி.எஃப். பெரும்பாலும் ஆர்டர் அல்ல, ஆஃபர். அதை நம்பிப் பழைய வேலையை விட்டபின், "இப்போதைக்கு ஆள் எடுக்கவில்லை" என்று மனிதவளப் பிரிவிலிருந்து போன் வந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்பதில்தான் மூன்று தாள்களின் வேறுபாடும் வெளிப்படும்.

ஒப்பந்தம் பிறக்கும் இடம்

நியமன ஆணை கையில் இருந்தால்தான் நிறுவனம் கட்டுப்படும் என்பது பரவலான நம்பிக்கை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் முன்வைக்கும் முன்மொழிவை மற்றவர் ஏற்றுக்கொண்டால் அது வாக்குறுதி ஆகிறது. சம்பளம், வேலை போன்ற கைம்மாறு இருந்து சட்டப்படி செல்லத்தக்கதாகவும் இருந்தால் அது ஒப்பந்தம். தாளின் தலைப்பு எதுவாயினும் இதில் மாற்றம் இல்லை. ஆகவே பதவி, சம்பளம், சேரும் தேதி ஆகியவை தெளிவாக உள்ள ஆஃபர் லெட்டரை ஒருவர் ஏற்றுக்கொண்டதும் நிறுவனம் கட்டுப்பட்டுவிடுகிறது. நியமன ஆணை அதற்குப் பிறகு வருவது.

நிறுவனம் பின்வாங்கும் கால எல்லையைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு வகுக்கிறது. ஒப்புதல் தெரிவித்து முடியும்வரை முன்மொழிவைத் திரும்பப் பெறலாம், அதன் பிறகு முடியாது. கையெழுத்திட்ட தாளைத்தான் அனுப்ப வேண்டும் என்பதும் இல்லை. மின்னஞ்சல் வழியாக உருவாகும் ஒப்பந்தம் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. "ஏற்றுக்கொள்கிறேன்" என்று அனுப்பிய ஒரு வரி மின்னஞ்சலும் போதும்.

ஆனால் அந்த வரி சுத்தமாக இருக்க வேண்டும். ஒப்புதல் முழுமையாகவும் நிபந்தனையின்றியும் அமைய வேண்டும் என்பது 7ஆம் பிரிவு. "ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் 20 நாள் கழித்துத்தான் சேர முடியும்" என்று பதில் போட்டால் அது ஒப்புதல் ஆகாது. அது ஊழியர் வைக்கும் புதிய முன்மொழிவு. அதற்கு நிறுவனம் "சரி" என்று எழுதும்வரை இரு தரப்புக்கும் கட்டு இல்லை. தேதியை மாற்ற வேண்டுமானால் முதலில் அதைக் கேட்டு, எழுத்தில் இசைவு வாங்கி, அதன் பிறகு ஒப்புதல் அனுப்புவதே பாதுகாப்பு.

இரண்டு ஓட்டைகள்

நடைமுறையில் பல ஆஃபர் லெட்டர்கள் இரண்டு இடங்களில் தளர்வாக எழுதப்படுகின்றன. ஒன்று நிபந்தனை, மற்றது தேதி.

நிபந்தனையின் எடை தமிழகத்தில் 2016இல் வெளிச்சத்துக்கு வந்தது. கல்லூரி வளாகத் தேர்வில் எல் அண்ட் டி இன்ஃபோடெக் நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர் பெற்று நீண்ட காலம் காத்திருந்த பொறியியல் பட்டதாரிகளுக்கு வேலை இல்லை என்று தெரிவிக்கப்பட்டது. சுமார் 1,500 பேர் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. பின்னர் வைத்த தேர்வில் அவர்கள் தேறவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பட்டதாரிகள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். இப்படிப்பட்ட தகராறில் வழக்கறிஞர் முதலில் தேடுவது, அந்தத் தேர்வு ஆஃபர் லெட்டரிலேயே நிபந்தனையாக எழுதப்பட்டிருந்ததா என்பதை. எழுதியிருந்தால் அது நிபந்தனையைச் சார்ந்த ஒப்பந்தம், நிபந்தனை நிறைவேறாதவரை நிறுவனத்தை நெருக்க முடியாது. எழுதாமல் பிறகு நுழைத்திருந்தால், ஏற்கெனவே உருவான ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் மாற்றியதாகிறது. மருத்துவச் சோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு, பழைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

தேதியின் எடையை இன்ஃபோசிஸ் விவகாரம் காட்டியது. 2022இல் ஆஃபர் பெற்ற புதிய பட்டதாரிகள் பலர் இரண்டு ஆண்டுகள்வரை காத்திருந்தார்கள். 2024இல் புணேயைச் சேர்ந்த ஐ.டி. ஊழியர் அமைப்பான நைட்ஸ் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுத்தது. கொடுத்த ஆஃபர்களை மதிப்போம் என்று நிறுவனம் அறிவித்தது, அந்த ஆண்டிலேயே சேர்க்கை தொடங்கியது. ஆஃபர் ரத்தாகாமலேயே வேலை கைக்கு எட்டாமல் போகும் நிலை இது. "சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்" என்று மட்டும் உள்ள கடிதத்தில், எந்த நாளில் நிறுவனம் வாக்குத் தவறியது என்று சுட்டுவது கடினம்.

ஒரு கணக்கு

சாலவாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போகும் ஒரு டிப்ளமோ இளைஞரை எடுத்துக்கொள்வோம். இப்போதைய சம்பளம் மாதம் 18,000 ரூபாய். ஒரகடத்து உதிரிபாக ஆலை ஒன்று 24,000 ரூபாய்க்கு ஆஃபர் தருகிறது. அடுத்த மாதம் 3ஆம் தேதி சேர வேண்டும், பழைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் கொண்டுவர வேண்டும், பயிற்சிக் காலத்தில் ஒரு மாத நோட்டீஸில் எந்தத் தரப்பும் விலகலாம் என்று கடிதம் சொல்கிறது. 14ஆம் தேதி அவர் மின்னஞ்சலில் ஏற்கிறார், 15ஆம் தேதி ராஜினாமா கொடுக்கிறார். 28ஆம் தேதி அந்த இடம் நிறுத்திவைக்கப்பட்டதாகப் பதில் வருகிறது.

ஒப்பந்தம் 14ஆம் தேதியே உருவாகிவிட்டது, ஆலை அதை மீறியிருக்கிறது. இதில் பெரிய ஐயம் இல்லை. ஆனால் "வேலை கொடுத்தே ஆக வேண்டும்" என்ற உத்தரவு தனியார் வேலையில் கிடைக்காது. ஆளை நம்பிச் செய்யும் பணி ஒப்பந்தத்தைக் கட்டாயமாக நிறைவேற்றச் சொல்வதில்லை என்பது குறித்த தீர்வுச் சட்டம், 1963இன் 14ஆம் பிரிவு தரும் நிலை. அரசு ஊழியர், தொழிற்சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளர், சட்டம் படைத்த அமைப்புகளின் ஊழியர் என மூன்று விலக்குகளை 1976இல் வைஷ் பட்டக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. இன்னும் சேராத ஒருவர் இவற்றுள் நுழைவது அரிது.

எஞ்சுவது இழப்பீடு. அதன் அளவைப் பலர் மிகையாக எண்ணுகிறார்கள். ஒரு மாத நோட்டீஸில் முடிக்கத்தக்க வேலை என்று ஒப்பந்தமே சொன்னால், முறையற்ற நீக்கத்துக்கான இழப்பீடு சாதாரணமாக ஒரு மாதச் சம்பளமே என்று எஸ்.எஸ். ஷெட்டி எதிர் பாரத் நிதி வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த இளைஞருக்கு அது 24,000 ரூபாய். அதற்கு மேல் கேட்க ஒரு வழி உண்டு. ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பும் அறிந்திருந்த இழப்பை ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு ஏற்கிறது. விடுவிப்புக் கடிதம் கேட்டதால், அவர் பழைய வேலையை விடுவார் என்று ஆலைக்குத் தெரிந்தே இருந்தது. வேறு வேலை கிடைக்கும்வரை இழந்த 18,000 ரூபாய்ச் சம்பளத்தை அந்த அடிப்படையில் வாதாடலாம். வேறு வேலை தேடிய முயற்சிக்கும் அவர் சான்று காட்ட வேண்டியிருக்கும். வழக்குத் தொடர மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

மற்ற இரண்டு தாள்கள்

நியமன ஆணை பொதுவாகச் சேரும் நாளில் கொடுக்கப்படுகிறது. பயிற்சிக் காலம், நோட்டீஸ், இடமாற்றம், விடுப்பு, பிடித்தம் எல்லாம் அதில்தான் விரிவாக இருக்கும். கையெழுத்திடும் முன் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பது அவசியம். "இது முந்தைய கடிதங்கள் அனைத்துக்கும் பதிலாக அமையும்" என்ற வரி அங்கே இருந்தால், ஆஃபர் லெட்டரில் சொன்ன தங்குமிடம், ஷிப்ட் படி போன்றவை ஆணையில் இல்லாதபோது அவற்றைப் பிறகு கேட்பது கடினம்.

யாருடைய தலைப்புத் தாள் என்பதும் பார்க்க வேண்டியது. ஆலையின் பெயர் பெரிதாக இருந்தாலும் கையெழுத்து ஒப்பந்ததாரருடையதாக இருந்தால், கடிதத்தால் கட்டுப்படுபவர் ஒப்பந்ததாரர். தாள் அப்ரண்டிஸ் ஒப்பந்தமாக இருந்தால் நிலை வேறு. தொழில் பழகுநர் சட்டம், 1961இன்படி அப்ரண்டிஸ் தொழிலாளர் அல்லர். ஒப்பந்தத்தில் அப்படி எழுதப்படாதவரை, பயிற்சி முடிந்ததும் வேலை தரும் கடமையும் நிறுவனத்துக்கு இல்லை.

ஜாயினிங் லெட்டர் ஊழியரே எழுதுவது என்பதால் அது நிறுவனத்தைப் புதிதாக எதற்கும் கட்டுவதில்லை. அதன் மதிப்பு சாட்சியாக இருப்பதில்தான். அரசு அலுவலகங்களில் "இன்று முற்பகல் பணியேற்றேன்" என்று நேரத்தோடு எழுதுவது, சம்பளம் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதை நிலைநிறுத்தத்தான். தனியார் இடத்தில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு பிரதி கையில் இருந்தால், சேர்ந்த தேதி பற்றிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. தகராறு எளிதில் தீரும்.

அரசு வேலையில் வரிசை சற்று வேறு. தேர்வுப் பட்டியலில் பெயர் வந்ததாலேயே பணி நியமனத்துக்கு அசைக்க முடியாத உரிமை வந்துவிடுவதில்லை என்று சங்கர்சன் தாஷ் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணமின்றி மனம்போனபடி இடத்தை நிரப்பாமல் விட அரசுக்கும் உரிமை இல்லை என்று அதே தீர்ப்பு சேர்த்துச் சொன்னது. அங்கே கட்டுப்படுத்தும் தாள் நியமன ஆணையே.

இந்த மூன்று தாள்களில் ஒன்றைக்கூடக் காணாதவர்கள் சாலவாக்கம் சுற்றுவட்டாரக் கல் குவாரிகளிலும் கிரஷர்களிலும் இருக்கிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, நியமிக்கும்போதே நியமனக் கடிதம் கொடுப்பதை முதலாளியின் கடமை ஆக்கியிருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களில், முன்பே வேலையில் இருந்து கடிதம் பெறாதவர்களுக்கு, சட்டம் தொடங்கிய மூன்று மாதத்துக்குள் அதைக் கொடுத்திருக்க வேண்டும்.