ஆர்த்தோ லித்தியமேற்றம்

‘நேரான’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ‘ஆர்த்தோ’, பென்சீன் வளையத்தில் ஒரு பதிலிக்கு அடுத்துள்ள கார்பனைக் குறிக்கும். அக்கார்பனின் ஹைட்ரஜனைப் புரோட்டானாக நீக்கி, அவ்விடத்தில் லித்தியத்தை அமர்த்துவதே ஆர்த்தோ லித்தியமேற்றம் ஆகும். கிரிக்னார்டு வினைபொருளில் மக்னீசியம் ஹாலஜன் இருந்த கார்பனிலேயே சேர்வதால், ஹாலஜனை முன்கூட்டியே உரிய இடத்தில் பொருத்தியிருக்க வேண்டும்; பியூட்டைல் லித்தியமோ, கார்பன்–லித்தியம் பிணைப்பின் மிகுந்த முனைவுத்தன்மையால் வலிய காரமாகி, வளையத்தின் ஹைட்ரஜனையே நேரடியாகப் பறித்துவிடுகிறது.

கில்மன், விட்டிக் ஆகிய இருவரும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே கண்டறிந்த அனிசோல் வினை இதற்குச் சிறந்த சான்று. அனிசோலை நேரடியாகப் புரோமினேற்றினால் புரோமின் பெரும்பாலும் எதிர்முனையான பாரா இடத்துக்கே செல்கிறது. ஆனால் பியூட்டைல் லித்தியத்தைச் சேர்க்கும்போது, மெத்தாக்சித் தொகுதியின் ஆக்சிஜன் லித்தியத்தை அருகில் பிணைத்துக்கொள்வதோடு, எலக்ட்ரான்களைத் தன்பால் இழுத்து அண்டை ஹைட்ரஜனின் அமிலத்தன்மையையும் கூட்டுவதால், ஆர்த்தோ ஹைட்ரஜனே நீங்குகிறது. பின்னர் கார்பன் டைஆக்சைடைச் செலுத்தி அமிலம் சேர்த்தால் 2-மெத்தாக்சி பென்சாயிக் அமிலம் கிடைக்கும். லித்தியம் உண்மையிலேயே ஏறியதா என்பதை, சிறு மாதிரியில் கனநீரைச் சேர்த்து, வளையத்தில் டியூட்டிரியம் இடம்பெற்றதா எனப் பார்த்து அறியலாம். பதிலி சாதாரண எஸ்டராக இருப்பின், பியூட்டைல் லித்தியம் ஹைட்ரஜனை விடுத்துக் கார்பனைல் கார்பனையே தாக்கிவிடுவதால், அத்தகைய சேர்மங்களுக்கு இவ்வழி பொருந்தாது.