ஐந்து படிநிலைகளும் ஓர் எண்ணும்: *99# பட்டியலின் வரலாற்றிலிருந்து

இந்தியாவில் மின்வழிப் பணப்பரிமாற்றத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் திறன்பேசிச் செயலிகளிலிருந்தே தொடங்குகின்றனர். அவற்றுக்கு முன்பே, இணையமில்லாச் சாதாரணக் கைப்பேசியில் இயங்கும் வங்கிச் சேவை ஒன்று இருந்தது. இன்றும் இருக்கிறது. கைப்பேசியில் *99# என்று அழைத்தால் எண்ணிட்ட வரிகள் சில திரையில் தோன்றும்; வேண்டிய வரியின் எண்ணைத் தட்டி அனுப்பினால் அடுத்த பட்டியல் வரும். தொட்டுத் தேர்வதற்குத் திரையில் ஏதுமில்லை. கேள்வியும் எழுத்து, பதிலும் எழுத்து. அந்தப் பட்டியல் ஏன் அந்த வடிவத்தில் அமைந்தது என்பதே இக்குறிப்பின் கேள்வி.

இதன் அடிப்படை யூ.எஸ்.எஸ்.டி. எனப்படும் ஜி.எஸ்.எம். வசதி. குறுஞ்செய்தியைப் போல இது சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பப்படுவதன்று. அழைத்த கணத்தில் கைப்பேசிக்கும் வலையமைப்புக்கும் இடையே ஓர் அமர்வு திறக்கிறது; முடியும்வரை அது திறந்தே இருக்கும். பயனர் தாமதித்தாலோ அலைவரிசை நழுவினாலோ அமர்வு அறுந்துவிடும். மீண்டும் முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஒரு திரைக்குக் கிடைக்கும் இடம் 160 எண்மங்கள். ஏழு நுண்மிக் குறியீட்டில் அது 182 ஆங்கில எழுத்துகளைத் தாங்கும்.

இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் இச்சேவையை 2012 நவம்பரில் தொடங்கியபோது பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். ஆகிய இரு அரசு நிறுவனங்களே அதில் இணைந்திருந்தன. தனியார் நிறுவனங்களும் இணைய வழிசெய்தது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2013 நவம்பர் ஆணை. ஓர் அமர்வுக்கு அதிகபட்சக் கட்டணம் 1.50 ரூபாய் என அது வரையறுத்தது. 2014 ஆகஸ்ட் 28 அன்று, ஜன்தன் திட்டத்தோடு சேர்த்து, விரிவுபெற்ற *99# நாட்டுக்கு அறிமுகமாயிற்று. இவை யாவரும் அறிந்த செய்திகள். அதிகம் பேசப்படாதது வேறொன்று: ஓர் அமர்வில் ஐந்து படிநிலைகளே இருக்கலாம் என்ற வரம்பு.

அக்காலத்தில் ஒருவர் பணம் அனுப்பிய முறையை வரிசையாகப் பார்ப்போம். *99# அழைத்ததும் தம் வங்கியின் மூன்றெழுத்துச் சுருக்கத்தையோ ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகளையோ தட்டவேண்டும். அது முதல் பதில். அடுத்து முதன்மைப் பட்டியல்; அதில் 1 என்பது கணக்கு இருப்பு, 2 சிறு அறிக்கை, 3 எம்.எம்.ஐ.டி. வழியாகப் பணம் அனுப்புதல். மூன்றாவது திரையில் பெறுபவரின் கைப்பேசி எண்ணையும் அவருடைய ஏழிலக்க எம்.எம்.ஐ.டி. எண்ணையும் இடைவெளிவிட்டு ஒரே வரியில் தட்டவேண்டும். நான்காவதில் தொகையும் குறிப்பும் ஒருசேர. ஐந்தாவதில் இரகசிய எண்ணும், தம் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும்.

எண்ணிப் பாருங்கள், சரியாக ஐந்து. ஒரு திரையில் இரண்டு தகவல்களைக் கேட்பதை வடிவமைப்பாளரின் கவனக்குறைவாக வாசிப்போர் உண்டு. இரண்டாகப் பிரித்துக் கேட்டிருந்தால் வரம்பு மீறியிருக்கும் என்பதே என் வாசிப்பு. ஒரு திரைக்கு ஒரு கேள்வி, ஒரு கேள்விக்கு ஓர் எண் என்ற எண்பட்டியலின் ஆதார நெறி இங்குதான் உடைந்தது. பதினேழு இலக்கங்களை, நடுவே ஓர் இடைவெளியுடன், பிழையின்றித் தட்டவேண்டும். சாதாரணக் கைப்பேசியின் எண்விசைகளில் இடைவெளிக்குறி எந்த விசையில் ஒளிந்திருக்கிறது என்பது தனி ஆராய்ச்சி!

2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு அறிவிப்புக்கு இரண்டு வாரங்களுக்குப் பின், நவம்பர் 22 அன்று, ஆணையம் விதியைத் திருத்தியது. கட்டண உச்சவரம்பு 50 காசாகக் குறைந்தது. படிநிலைகள் ஐந்திலிருந்து எட்டாயின. நாளிதழ்கள் கட்டணத்தையே தலைப்பாக்கின. பயனருக்கு உண்மையில் மாறியது இரண்டாவது திருத்தத்தால்தான் என்று கருதுகிறேன். சேவை யூ.பி.ஐ. அடிப்படைக்கு மாறியபின் பணம் அனுப்பும் வழி இவ்வாறு அமைந்தது: முதன்மைப் பட்டியலில் 1, அடுத்த பட்டியலில் கைப்பேசி எண் வழிக்கு மீண்டும் 1, பிறகு பெறுபவர் எண், பிறகு தொகை, பிறகு குறிப்பு, இறுதியில் இரகசிய எண். ஆறு பதில்கள், ஒவ்வொன்றிலும் ஒரே தகவல். பழைய ஐந்துக்குள் இது அடங்கியிருக்காது.

ஆனால் இம்மாற்றத்துக்குள் ஒரு சிக்கல் புகுந்தது. பழைய பட்டியலில் 1 கணக்கு இருப்பு, 3 பணம் அனுப்புதல். புதியதில் 1 பணம் அனுப்புதல், 3 கணக்கு இருப்பு. நேர்த் தலைகீழ். திறன்பேசியில் ஒரு குறும்படம் இடம் மாறினால் கண் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும். எண்பட்டியலைப் பயன்படுத்துவோர், குறிப்பாக ஆங்கில வரியைப் படிக்க இயலாதோர், வரியை நினைவில் வைப்பதில்லை. எண்ணை நினைவில் வைக்கிறார்கள். 'ஒன்றைத் தட்டினால் இருப்புத் தெரியும்' என்று பேரன் சொல்லிக்கொடுத்த பாட்டிக்கு, அடுத்த திரை யாருக்குப் பணம் அனுப்பவேண்டும் என்று கேட்கும். இரகசிய எண் கடைசியில்தான் வருவதால் பணம் போய்விடாது. அமர்வும் அதற்கான கட்டணமும் போகும். நம்பிக்கையும் சற்றுப் போகும்.

மொழி குறித்த முடிவில் வடிவமைப்பாளர்கள் கூர்மையாகவே நடந்துகொண்டனர். மொழியைத் தேர்வதற்கு ஒரு பட்டியல் வைத்தால் ஒரு படிநிலை வீணாகும். எனவே மொழியை அழைப்பெண்ணுக்குள்ளேயே வைத்தனர்: இந்திக்கு *99*22#, தமிழுக்கு *99*23#. ஆயினும் வேறொரு நெருக்கடி காத்திருந்தது. தமிழ் எழுத்துகள் ஏழு நுண்மி அட்டவணையில் இல்லாததால் ஒவ்வொரு குறியும் இரண்டு எண்மங்களைக் கேட்கிறது. 182 என்பது 80 ஆகச் சுருங்குகிறது. மேலும் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படும். 'கணக்கு இருப்பு' என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினிக்கு, இடைவெளி உட்பட, பதினான்கு குறிகள். வரிசை எண், புள்ளி, வரிமுறிவு ஆகியவற்றைச் சேர்த்தால் பதினேழு. இத்தகைய வரிகள் ஒரு திரையில் நான்குதான் அடங்கும். ஆங்கிலத்தில் ஒரே திரையில் நிற்கும் பட்டியலைத் தமிழில் சுருக்கவேண்டும், அல்லது இரண்டாக வெட்டவேண்டும். வெட்டினால் மீண்டும் படிநிலைக் கணக்கு.

ஒரு பரிமாற்றத்துக்கு 5,000 ரூபாய் என்ற வரம்பும் இதே தடத்தின் எச்சமாகத் தோன்றுகிறது. முனைக்கு முனை மறையாக்கம் இல்லாத கைப்பேசிப் பரிமாற்றங்களுக்கு ரிசர்வ் வங்கி 2009 டிசம்பரில் 1,000 ரூபாய் வரை இடமளித்து, 2011 மே மாதத்தில் அதை 5,000 ஆக உயர்த்தியது. யூ.எஸ்.எஸ்.டி. திரையில் இரகசிய எண் பெரும்பாலும் நட்சத்திரக் குறிகளாக மறைவதில்லை. தட்டும் இலக்கங்கள் அப்படியே தெரியும். அருகில் நிற்பவரும் படிக்கலாம்.

இரகசிய எண்ணை அனுப்பிய கணத்தில் அமர்வு அறுந்தால் என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பணம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். திரை வெறுமையாவதை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. உடனே மீண்டும் அனுப்பினால் இருமுறை செல்லக்கூடும். வங்கியின் குறுஞ்செய்திக்குக் காத்திருந்து, வராவிடில் *99# அழைத்து 3 தட்டி இருப்பைப் பார்ப்பதே வழி. 2022 ஏப்ரலில் அமர்வுக் கட்டணம் முற்றிலும் நீக்கப்படும்வரை, அந்தச் சரிபார்ப்பும் தனியொரு அமர்வாகவே கணக்கிடப்பட்டது.