அட்டையை எங்கே வெட்டுவது? புவித்தட்டுகளைக் கற்பிப்பதில் நிலநடுக்கத் தரவின் இடம்

தென்னமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் அட்டையில் வெட்டி ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் பயிற்சி உயர்நிலை வகுப்புகளில் வழக்கமானது. கண்டங்கள் முன்பு ஒன்றாய் இருந்தன என்பதை அது தெளிவாகக் காட்டிவிடுகிறது. ஆனால், புவித்தட்டுக் கொள்கையைப் பொறுத்தவரை அதுவே பெரிய தடையாகவும் ஆகிறது என்பது என் கருத்து. மேசைமீது அட்டையை நகர்த்தும் மாணவர் கண்டத்தின் ஓரத்தையே தட்டின் ஓரமாக எண்ணிக்கொள்கிறார். கண்டம் கடலைக் கிழித்துக்கொண்டு போவதாகவும் நினைக்கிறார். வேகனர் 1912இல் முன்வைத்த கருத்து ஏற்கப்படாமல் போனதற்கு இந்த இரண்டாவது எண்ணம் ஒரு முக்கியக் காரணம். திடமான கடற்படுகையைக் கண்டம் எப்படி உழுது செல்லும் என்ற கேள்விக்கு அவரிடம் நிறைவான விடை இல்லை.

ஆகவே அட்டையை இருமுறை வெட்ட வேண்டும். முதல் வெட்டு கண்டத்திற்கு. அது கடற்கரையோரமாக அமையக் கூடாது. 1965இல் புல்லார்டும் அவருடன் பணிபுரிந்தவர்களும் கணினியின் துணையோடு அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் பொருத்தியபோது, ஏறத்தாழ 900 மீட்டர் ஆழக் கோட்டையே விளிம்பாகக் கொண்டார்கள். கண்டத்தின் உண்மையான முடிவு கண்டச்சரிவில்தான் இருக்கிறது. தட்டையான உலகப்படத்திலிருந்து படியெடுத்தால் வடிவங்கள் திரிந்துவிடும். உலக உருண்டைமீது மெல்லிய தாளை வைத்து வரைந்தெடுப்பதே நல்லது. பொருத்தும்போது நைஜர் கழிமுகப் பகுதியில் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதைக் கத்தரித்துச் சரிசெய்துவிடக் கூடாது. கண்டங்கள் பிரிந்த பிறகு ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் அது.

இரண்டாவது வெட்டு தட்டிற்கு. அதை எங்கே வெட்டுவது என்று ஆசிரியர் சொல்லக் கூடாது. தரவு சொல்ல வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் இணையப் பட்டியலில், கடந்த இருபது ஆண்டுகளில் அளவு 5க்கு மேல் பதிவான நிலநடுக்கங்களை மாணவர்களே தேர்ந்து பதிவிறக்கிப் படத்தில் புள்ளியிடலாம். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை ஏறக்குறைய வெறுமையாகவே நிற்கும். புள்ளிகள் நடுக்கடலில் ஒரு வரிசையாகவும், தென்னமெரிக்காவின் மேற்கோரத்தில் அகன்ற பட்டையாகவும் விழும். அப்போது மாணவர் ஆப்பிரிக்க அட்டையோடு பாதி அட்லாண்டிக்கையும் சேர்த்து ஒட்ட வேண்டியிருக்கிறது. கண்டம் தட்டின்மேல் பயணிக்கும் ஒரு பகுதி மட்டுமே என்பதை அவர் கைகளே கண்டுகொள்கின்றன.

மேற்கோரத்துப் பட்டை ஏன் இவ்வளவு அகலம்? இதற்குத் தட்டையான அட்டையால் விடை சொல்ல முடியாது; பக்கவாட்டு வெட்டுப்படம் தேவை. தென் அட்சம் 19 பாகைக்கும் 20 பாகைக்கும் இடைப்பட்ட மூன்று நிலநடுக்கங்களைப் பார்க்கலாம். 2014 ஏப்ரல் 1இல் சிலியின் இக்கிக்கே கடலோரத்தில் 8.2 அளவில் நிகழ்ந்தது: மேற்குத் தீர்க்கம் 70.8, ஆழம் 25 கி.மீ. 2005 ஜூன் 13இல் தாராபகாவில் நிகழ்ந்தது: தீர்க்கம் 69.2, ஆழம் சுமார் 115 கி.மீ. 2017 பிப்ரவரி 21இல் பொலிவியாவில்: தீர்க்கம் 63.9, ஆழம் சுமார் 595 கி.மீ. இந்த அட்சத்தில் ஒரு பாகை தீர்க்கம் ஏறத்தாழ 105 கி.மீ. அப்படியானால் முதல் இரண்டுக்கும் இடையே கிடைத்தூரம் 168 கி.மீ., ஆழ வேறுபாடு 90 கி.மீ.; சரிவு சுமார் 28 பாகை. அடுத்த இரண்டுக்கும் இடையே 557க்கு 480. சுமார் 41 பாகை. தென்னமெரிக்காவுக்கு அடியில் இறங்கும் நாஸ்கா தட்டு கீழே போகப்போக மேலும் செங்குத்தாகச் சரிகிறது. கிடைத்தூரத்திற்கும் ஆழத்திற்கும் ஒரே அளவுத்திட்டம், அதாவது 1 செ.மீ.க்கு 100 கி.மீ., கொள்ளாவிட்டால் இந்தக் கோணங்கள் பொய்யாகிவிடும். மாணவர் வரைபடங்களில் மிகுதியாகக் காணும் பிழை இதுதான்.

மூன்று புள்ளிகளோடு நிறுத்தாமல் பட்டியலின் மற்ற நிகழ்வுகளையும் இட்டால் வேறொரு சிக்கல் எழும். நடு அட்லாண்டிக்கில் பல நிலநடுக்கங்களின் ஆழம் சரியாக 10 கி.மீ. என்றே இருக்கும். வரைபடத்தில் அது நேர்க்கோடாகத் தெரிவதால், அங்கே ஓர் அடுக்கு இருப்பதாக மாணவர்கள் எழுதிவிடுவார்கள். அருகில் பதிவுநிலையம் இல்லாததால் ஆழத்தைக் கணக்கிட முடியாத இடங்களில் வைத்துக்கொண்ட நிலையான மதிப்பு அது. ஒரே எண் தசமம் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதே அதற்கு அடையாளம். அத்தகைய புள்ளிகளை வேறு நிறத்தில் குறித்து, சரிவுக் கணக்கில் சேர்க்காமல் விடச் சொல்ல வேண்டும்.

தென்னமெரிக்க வெட்டுப்படத்தில் சுமார் 300 முதல் 500 கி.மீ. வரை புள்ளிகள் மிகவும் அரிது. தட்டு அங்கே அறுந்துவிட்டதா என்று மாணவர் கேட்பது நியாயமான கேள்வி. நிலநடுக்கம் பாறை முறியும் இடத்தை மட்டுமே காட்டுகிறது; முறியாமல் இறங்கும் பகுதியைக் காட்டாது. அந்த இடைவெளியிலும் தட்டு தொடர்வதை, குளிர்ந்த பாறையில் நிலநடுக்க அலைகள் வேகமாகச் செல்வதைக் கொண்டு பிற்கால ஆய்வுகள் காட்டின. எனவே வெட்டுப்படத்தில் அந்த இடத்தைத் திண்ணமான கோட்டால் இணைக்காமல் புள்ளிக்கோட்டால் வரையச் செய்வதே சரி.