ஆப்ஷனுக்குள் ஒளிந்த வாடகை: கடன் கிடைக்காத பங்கை விற்ற கதை

ஒரு பங்கின் விலை இறங்கும் என்று கணிப்பவர் அதை இன்னொருவரிடம் கடனாகப் பெற்று விற்கிறார். விலை இறங்கிய பின் சந்தையில் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார். இதுதான் ஷார்ட் விற்பனை. கடன் கொடுக்க ஆளில்லை என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். அப்போது கைகொடுப்பது செயற்கை ஷார்ட். ஒரே ஸ்ட்ரைக் விலை, ஒரே எக்ஸ்பைரி கொண்ட இரண்டு ஆப்ஷன்களில் புட்டை வாங்கி, காலை விற்க வேண்டும். முடிவு நாளில் பங்கு ஸ்ட்ரைக் விலைக்குக் கீழே இருந்தால் புட் லாபம் தரும். மேலே இருந்தால் விற்ற கால் நட்டம் தரும். பங்கையே விற்று வைத்திருந்தால் கிடைக்கும் லாப நட்டம் இதிலும் கிடைக்கும். பங்கைத் தொட வேண்டியதே இல்லை.

பங்குக் கடன் என்ற தடையை ஆப்ஷன்கள் கடந்துவிடுகின்றன என்று பலர் நம்புவது இதனால்தான். வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தடை இடம் மாறுகிறது. கடன் வாடகை ஆப்ஷன் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

வட்டியை ஆப்ஷனுக்குள் ஒளித்துவைப்பது பழைய கலை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ரஸ்ஸல் சேஜ் என்ற நிதியாளர் அதில் பேர்போனவர். அங்கே சட்டம் அனுமதித்த வட்டி 7 சதவீதம். அதற்கு மேல் கறக்க விரும்பினால் கடன் என்ற பெயரே வரக்கூடாது. பணம் வேண்டியவரிடமிருந்து பங்கை வாங்கி, அவரிடமே ஒரு புட்டையும் பெற்று, அவருக்கு ஒரு காலை விற்றுவிட்டால் போதும். பங்கின் விலை எங்கே போனாலும் பணம் கொடுத்தவருக்குக் குறித்த தொகை திரும்பிவரும். காகிதத்தில் மூன்று வியாபாரங்கள், உள்ளே ஒரு கந்துவட்டி. பங்கு, புட், கால், கடன் ஆகிய நான்கையும் பிணைக்கும் இந்தச் சமன்பாட்டை ஆய்வுலகம் முறையாக எழுதியது 1969-இல் ஹான்ஸ் ஸ்டோல் வெளியிட்ட கட்டுரையில். வியாபாரிகள் வெகுகாலம் முன்பே அதில் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

செயற்கை ஷார்ட் எல்லோருக்கும் எட்டும் பொருளானது அதற்குப் பின்னர்தான். சிகாகோ ஆப்ஷன் சந்தை 1973 ஏப்ரலில் 16 பங்குகளின் கால் ஆப்ஷன்களுடன் திறந்தது. புட் ஆப்ஷன்கள் 1977 ஜூனில் வந்தன. காலை விற்கவும் புட்டை வாங்கவும் ஒரே இடத்தில் வழி பிறந்தது அப்போதுதான்.

இந்த ஏற்பாட்டின் உண்மையான விலையைக் காட்டிய நிகழ்வு 2000-இல் நடந்தது. கையடக்கக் கணினி செய்த பாம் நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தை மட்டும் அதன் தாய் நிறுவனமான த்ரீகாம் மார்ச் 2 அன்று வெளியில் விட்டது. மீதியைப் பின்னர் தன் பங்குதாரர்களுக்கே பகிர்ந்துதரப்போவதாக அறிவித்திருந்தது. ஒரு த்ரீகாம் பங்குக்குச் சுமார் ஒன்றரை பாம் பங்கு கிடைக்கும். அன்று பாம் 95.06 டாலரிலும் த்ரீகாம் 81.81 டாலரிலும் முடிந்தன. ஒன்றரை பாம் பங்குக்கு உரிமை தரும் பங்கு, ஒரு பாம் பங்கைவிட மலிவு! பாமை விற்று த்ரீகாமை வாங்குவது கண்ணெதிரே கிடந்த லாபம். ஆனால் விற்கப் பாம் பங்கு கடனாகக் கிடைத்தால்தானே. புழக்கத்தில் இருந்ததே சொற்பம்.

மார்ச் 16 அன்று பாம் பங்குக்கு ஆப்ஷன் வர்த்தகம் தொடங்கியது. மறுநாள் விலைகளை ஓவன் லாமன்ட், ரிச்சர்ட் தேலர் இருவரும் 2003-இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார்கள். பங்கு 55.25 டாலர். நவம்பர் எக்ஸ்பைரி, 55 டாலர் ஸ்ட்ரைக்கில் காலை விற்றால் கிடைப்பது 10 டாலர். புட்டை வாங்க ஆவது 23.625 டாலர். (அமெரிக்கச் சந்தையில் அப்போது விலைகளைப் பின்னங்களில் சொல்வார்கள்.)

கையிலிருந்து போவது 13.625 டாலர். நவம்பரில் திரும்பி வருவது 55-இலிருந்து அன்றைய பங்கு விலையைக் கழித்த தொகை. ஆக, பாம் 41.375-க்குக் கீழே போனால்தான் ஒரு காசாவது மிஞ்சும். வட்டியையும் சேர்த்து இன்றைய மதிப்பில் பார்த்தால், பங்கை 39.12 டாலருக்கு விற்றதற்குச் சமம். சந்தை விலையைவிட 29 சதவீதம் குறைவு. மே எக்ஸ்பைரியில் இதே கணக்கு 47.55 டாலர் என்று வந்தது. காத்திருக்கும் மாதங்கள் கூடக்கூட இடைவெளியும் கூடியது. வாடகை அப்படித்தான் ஏறும்.

கோளாறு இருப்பதைக் கண்டுபிடிக்க இவ்வளவு கணக்குகூடத் தேவையில்லை. ஈவுத்தொகை இல்லாத பங்கு ஸ்ட்ரைக்கை ஒட்டி இருக்கும்போது, வட்டியின் காரணமாகக் கால் புட்டைவிடச் சற்று விலை கூடுதலாக இருக்க வேண்டும். பாமில் புட் காலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விலை. இதைக் கண்டால் பங்குக் கடன் கிடைப்பது அரிது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் நிற்பவரைப் பார்த்தால் காரணம் தெளியும். நாம் விற்ற காலை வாங்கி, நமக்குப் புட்டை விற்பவர் பெரும்பாலும் சந்தையில் விலை கூறும் மார்க்கெட் மேக்கர். விலை இறங்கினால் அவருக்கு நட்டம். அதைச் சமன்செய்ய அவர் பாம் பங்கை ஷார்ட் விற்றாக வேண்டும்; அதற்கு அவரும் கடனுக்கு அலைய வேண்டும். அந்த வாடகையையும், கடன் கொடுத்தவர் பாதியில் பங்கைத் திருப்பிக் கேட்கும் ஆபத்தையும் அவர் நம் தலையில் கட்டுகிறார். பாம் கடனுக்கு வாடகை ஜூலையில் ஆண்டுக்கு 35 சதவீதம்வரை போனதாக ஜீன் டவோலியோவின் ஆய்வு சொல்கிறது. ஷார்ட் விற்ற பங்குகள் மார்ச் நடுவில் புழக்கத்தின் 19.4 சதவீதமாக இருந்து, ஜூலையில் 147.6 சதவீதமாயின. ஒரே பங்கு கைமாறிக் கைமாறிப் பலமுறை கடன் போனால்தான் இது நடக்கும். அந்த மாத இறுதியில் த்ரீகாம் மீதிப் பங்குகளைப் பகிர்ந்துகொடுத்த பிறகுதான் பஞ்சம் தீர்ந்தது.

இன்னொரு பொறியும் உண்டு. அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களில் கால் வைத்திருப்பவர் எந்த நாளும் பங்கைக் கேட்கலாம். சாதாரணமாக அவசரப்பட மாட்டார். ஆனால் அந்தப் பங்கைக் கடன் கொடுத்தே நல்ல வாடகை பார்க்கலாம் என்றால் முன்கூட்டியே கேட்பது அவருக்கு லாபம். அப்போது காலை விற்றவர் பங்கை ஒப்படைக்க வேண்டும். கடன் கிடைக்கவில்லை என்றுதானே ஆப்ஷனுக்கு வந்தார்? தரகர் சந்தை விலைக்கு வாங்கி அவர் கணக்கில் எழுதிவிடுவார். எந்தக் கதவு அடைத்திருந்ததோ, அதற்கே திரும்பி வந்து நிற்பார்.

2008-இல் கடன் தட்டுப்பாட்டின் இடத்தில் சட்டத் தடை வந்தது. செப்டம்பர் 19 முதல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 799 நிதி நிறுவனப் பங்குகளில் ஷார்ட் விற்பனையை நிறுத்தியது. ஆப்ஷன் மார்க்கெட் மேக்கர்களுக்கு விலக்கு தரப்பட்டது. ஆனால் வாடிக்கையாளர் தன் நிகர ஷார்ட்டைக் கூட்டவே இந்த வியாபாரத்தைச் செய்கிறார் என்று தெரிந்தால், அதற்காகப் பங்கை ஷார்ட் விற்கக்கூடாது என்று சில நாட்களிலேயே திருத்தம் வந்தது. செயற்கை ஷார்ட்டின் வேர் உண்மையான ஷார்ட்டில்தான் இருக்கிறது என்பதை ஆணையம் சரியாகவே புரிந்துகொண்டது என்பது என் கருத்து. ராபர்ட் பட்டாலியோவும் பால் ஷுல்ட்ஸும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தடைக் காலத்தில் அந்தப் பங்குகளின் ஆப்ஷன்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி விரிந்தது; ஆப்ஷன்களால் கட்டிய செயற்கைப் பங்கின் விலை உண்மைப் பங்கின் விலைக்குக் கீழே இறங்கியது. தடை அக்டோபர் 8-ஆம் தேதி விலக்கப்பட்டது.