வீட்டில் நெபுலைசர்: குழந்தைகளின் வீசிங் இருமல்

நெபுலைசர் என்பது திரவ மருந்தை மிகச் சிறிய துளிகளாக உடைத்து மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குள் அனுப்பும் கருவி. குழந்தை மூச்சை வெளியே விடும்போது நெஞ்சில் விசில் போல ஒலி கேட்டால் அதை வீசிங் என்றும் இழுப்பு என்றும் சொல்கிறோம். மூச்சுக்குழல்களின் தசை இறுகி, உள்சுவர் வீங்கி, சளி சேர்வதால் வரும் ஒலி அது. நெபுலைசரில் இருந்து வரும் வெண்புகை நீராவி அல்ல. அதில் வெப்பமில்லை, அதனால் கொதிநீரில் ஆவி பிடிப்பதோடு இதைச் சேர்த்து எண்ணக் கூடாது.

வரலாறு

மருந்தைத் தூவி மூச்சில் ஏற்றும் கையடக்கக் கருவியைப் பாரிஸ் மருத்துவர் சால் ஜிரோன் 1858இல் அறிமுகப்படுத்தினார். கனிம ஊற்று நீரைக் குடிப்பதோடு சுவாசித்தாலும் நலம் என்று நம்பப்பட்ட காலம் அது. சைக்கிள் பம்ப் போன்ற கைப்பிடியை அழுத்தினால் நீர் ஒரு தகட்டில் மோதிச் சிதறும். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியில் சீகிள் என்பவர், நீராவியின் வேகத்தால் மருந்தை உறிஞ்சித் தூவும் கருவியைச் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ரப்பர் குமிழை அழுத்தி அட்ரினலின் தூவும் கண்ணாடிக் கருவிகள் புழங்கின. 1930களில் மின்சாரத்தில் இயங்குபவை வந்தன. ஆனால் கருவி முன்னேறிய அளவுக்கு மருந்து முன்னேறவில்லை. அட்ரினலினும் அதன் பின்வந்த ஐசோபிரினலினும் மூச்சுக்குழலைத் திறந்தன, கூடவே இதயத்தையும் படபடக்க வைத்தன. டேவிட் ஜாக் தலைமையிலான பிரிட்டிஷ் ஆய்வுக்குழு கண்டறிந்த சால்பியூட்டமால் 1969இல் விற்பனைக்கு வந்த பிறகே இந்தச் சிகிச்சை குழந்தைகளுக்கு ஏற்றதானது.

இயங்கும் விதம்

வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஜெட் வகை. கம்ப்ரசர் தள்ளும் காற்று, மருந்துக் கிண்ணத்தின் அடியிலுள்ள நுண்துளை வழியே சீறிப் பாய்கிறது. அந்தச் சீற்றம் மருந்தை மேலே இழுத்துத் துளிகளாக உடைக்கிறது. பெரிய துளிகள் உள்ளே தடுப்பில் மோதி மீண்டும் கிண்ணத்தில் விழ, ஏறக்குறைய 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ளவை வெளியேறுகின்றன. இதைவிடப் பெரியவை தொண்டையிலேயே தங்கிவிடும். மருந்தை இழுப்பதும் துளிகளைத் தடுப்பதும் கிண்ணத்துக்குள் கழற்றி மாட்டும் சிறிய பிளாஸ்டிக் கூம்பைப் பொறுத்தவை. கழுவும்போது அது சிங்க்கில் தொலைந்துபோனால் மோட்டார் வழக்கம்போல உறுமும், புகை மட்டும் வராது. மெஷின் கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மருந்தும் அளவும்

வீசிங்குக்கு உடனடி நிவாரணம் தருவது சால்பியூட்டமால் அல்லது லெவோசால்பியூட்டமால். புடசனைடு வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு. அது மெதுவாக வேலை செய்யும், அவசரத்தில் முன்னதற்கு மாற்றாகாது. இரண்டும் எழுதப்பட்டிருந்தால் குழலைத் திறப்பதை முதலில் வைப்பது வழக்கம்.

13 கிலோ எடையுள்ள மூன்று வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என்ற கணக்கில் சால்பியூட்டமால் சுமார் 2 மில்லிகிராம் வரும். நெபுலைசரில் குறைந்தபட்ச அளவு 2.5 என்பதால் மருத்துவர் அதையே எழுதுவார். 2.5 மில்லியில் 2.5 மில்லிகிராம் உள்ள ஒரு ரெஸ்பியூல் அதற்குச் சரியாக இருக்கும். ஆனால் எந்தக் கிண்ணத்திலும் கடைசி 1 மில்லி அளவு புகையாக மாறாமல் சுவரில் ஒட்டி நிற்கும். ரெஸ்பியூலை மட்டும் ஊற்றினால் 1.5 மில்லிதான், அதாவது ஏறக்குறைய 1.5 மில்லிகிராம்தான் வெளியேறும். 1 மில்லி நார்மல் சலைன் சேர்த்து 3.5 மில்லியாக்கினால் 1.8 மில்லிகிராம் வரை வெளியேறும். மருத்துவர்கள் சலைன் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். அது 0.9 சதவீத சலைனாக இருக்க வேண்டும். 3 சதவீத சலைன் இறுகிய குழலை மேலும் இறுக்கக்கூடும். குழாய்த் தண்ணீரும் தைலமும் கிண்ணத்துக்குள் போகவே கூடாது.

பாட்டிலில் வரும் சால்பியூட்டமால் கரைசலில்தான் ஆபத்து அதிகம். அதில் ஒரு மில்லியிலேயே 5 மில்லிகிராம் உண்டு. மேற்சொன்ன குழந்தைக்கு அரை மில்லி போதும். ரெஸ்பியூல் நினைவில் 2.5 மில்லி ஊற்றினால் ஐந்து மடங்கு மருந்து போய்விடும்.

வைக்கும் முறை

கையைச் சோப்பால் கழுவிய பின் மெஷினை மேசைமேல் வைக்கவும். தரையிலோ மெத்தையிலோ வைத்தால் தூசியை இழுக்கும், காற்றுவழி அடைபடும். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து முகத்தில் ஒட்டும்படி பிடிக்க வேண்டும். முகத்திலிருந்து சிறிது விலகினாலும் உள்ளே போகும் மருந்து வெகுவாகக் குறையும். குழந்தை வீறிட்டு அழுதாலும் அப்படியே. அழுகையில் மூச்சு ஆழமாகப் போவதால் மருந்து நன்றாக ஏறும் என்ற நம்பிக்கை தவறானது. மாஸ்க்கைப் பொம்மைக்கு ஒருமுறை போட்டுக் காட்டுவதும், பழகாத குழந்தைக்குத் தூக்கத்தில் வைப்பதும் சில வீடுகளில் பலிக்கின்றன.

ஐந்து முதல் பத்து நிமிடத்தில் புகை விட்டுவிட்டு வந்து, கிண்ணம் பொரிவது போல ஒலிக்கும். ஒருமுறை தட்டிவிட்டு, அதன்பின் புகை நின்றால் நிறுத்தலாம். பிறகு சற்று நேரம் கை நடுங்குவதும் நெஞ்சு வேகமாகத் துடிப்பதும் சால்பியூட்டமாலின் இயல்பு. புடசனைடு வைத்தால் முகத்தைத் துடைத்து, வாய் கொப்பளிக்கச் செய்ய வேண்டும். கொப்பளிக்கத் தெரியாத குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் போதும்.

சுத்தம் செய்தல்

ஈரம் தங்கிய கிண்ணத்தில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் வளர்ந்து அடுத்த முறை மருந்தோடு நேராக நுரையீரலுக்குள் போகும். எனவே ஒவ்வொரு முறையும் மிச்ச மருந்தைக் கொட்டி, கிண்ணம், கூம்பு, மாஸ்க் மூன்றையும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, ஆறிய கொதிநீரில் அலசி, உதறி, சுத்தமான துணிமேல் காற்றில் உலரவிட வேண்டும். டியூபைக் கழுவக் கூடாது. உள்ளே நீர்த்துளி தெரிந்தால் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு மெஷினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டால் காய்ந்துவிடும். கையேடு அனுமதிக்கும் பாகங்களை ஐந்து நிமிடம் கொதிக்க வைப்பதே வீட்டில் கிருமிநீக்கத்துக்குச் சிறந்தது. வினிகரில் ஊறவைப்பது அதற்கு ஈடாகாது. காற்று ஃபில்டர் சாம்பல் நிறமானால் மாற்ற வேண்டும்.

போதாத நிலை

ஒருமுறை வைத்தபின் கொஞ்ச நேரத்தில் மூச்சு தணியாவிட்டாலும், தணிந்து மூன்று நான்கு மணி நேரத்துக்குள் மீண்டும் இழுத்தாலும், நிவாரணம் நிற்கும் நேரம் ஒவ்வொரு முறையும் குறுகினாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சில மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப மருந்து தேவைப்பட்டாலும் அப்படியே. அந்த வயதில் வரும் வைரஸ் பிராங்கியோலைட்டிஸுக்கு சால்பியூட்டமால் பெரும்பாலும் பலனளிப்பதில்லை.

சட்டையைக் கழற்றிப் பார்த்தால் பல விஷயம் தெரியும். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளின் இடையிலும் கழுத்துக்குழியிலும் தோல் உள்வாங்குவது, மூக்குத்துவாரம் விரிவது, பால் குடிக்கவோ ஒரு வாக்கியம் முழுதாகப் பேசவோ முடியாமை, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு ஆகியவை எச்சரிக்கைகள். உதடு நீலம் பாய்ந்தாலோ குழந்தை துவண்டு மயங்கினாலோ 108ஐ அழைக்க வேண்டும். விசில் ஒலி திடீரென அடங்கி, மூச்சுத்திணறல் மட்டும் தொடர்வது மிக மோசமான அறிகுறி. காற்றே போகாத அளவு குழல் அடைபட்டுவிட்டது என்று பொருள். அதைக் குணம் என்று எண்ணி உறங்க வைத்துவிடக் கூடாது.

விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு முன்னறிகுறி இல்லாமல் புரையேறி இழுப்பு தொடங்கினால், நிலக்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழலில் சிக்கியிருக்கலாம். அங்கே நெபுலைசருக்கு வேலையில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரத்து, நாய் குரைப்பது போல் இருமினால் அது குரூப். அதற்கும் சால்பியூட்டமால் மருந்தல்ல.

இன்றைய நிலை

சத்தமில்லாத, பேட்டரியில் ஓடும் மெஷ் வகை இப்போது பரவி வருகிறது. மாஸ்க் பொருத்திய ஸ்பேசர் வழியே பம்ப் கொடுப்பது மிதமான வீசிங்கில் நெபுலைசருக்கு இணையான பலன் தருவதாலும், கழுவ வேண்டிய பாகங்கள் குறைவாக இருப்பதாலும், வழிகாட்டி நெறிகள் வீட்டுக்கு அதையே முதலில் பரிந்துரைக்கின்றன.