ரொக்கத் தள்ளுபடியின் ஆண்டு வட்டிக் கணக்கு

ரொக்கத் தள்ளுபடி என்பது, கடனுக்கு விற்ற சரக்கின் பணத்தைக் கெடு நாளுக்கு முன்பே செலுத்துபவருக்கு விற்பவர் பில் தொகையில் குறைத்துத் தரும் சலுகை. கொங்கு வட்டார நூல் வணிகத்தில் இதைச் சுருக்கமாகச் ‘சிடி’ என்பார்கள். ‘7 நாளில் 2 சதவீதம் சிடி, இல்லாவிட்டால் 45 நாள்’ என்று பில்லிலோ தரகர் வாய்மொழியிலோ வரும் நிபந்தனை, பார்வைக்கு 2 சதவீதச் சலுகையாகத் தெரிகிறது. உண்மையில் அது ஒரு கடனின் விலை. 7ஆம் நாள் கட்டாமல் 45ஆம் நாள் கட்டுபவர், இடைப்பட்ட 38 நாளுக்கு மில்லிடம் கடன் வாங்குகிறார்; அந்தக் கடனுக்கு அவர் தரும் வட்டிதான் இழந்த தள்ளுபடி. அந்த வட்டியை ஆண்டு வீதமாக மாற்றினால்தான் வங்கி வட்டியோடு ஒப்பிட முடியும்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் உள்ள காரமடையையும் சிறுமுகை, அன்னூர் சுற்றுவட்டாரத்தையும் எடுத்துக்கொண்டால், இந்தக் கணக்கு எல்லாத் தறிக்காரருக்கும் வருவதில்லை. கூலிக்கு நெய்பவருக்குப் பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வந்துவிடுகின்றன. நூல் பில் அவர் பெயரில் இராது. மில்லில் நூல் வாங்கித் தறிக்குக் கொடுக்கும் உற்பத்தியாளரும், சொந்த நெசவு செய்பவரும்தான் ஒவ்வொரு பில்லுக்கும் முன்னே கட்டுவதா, கெடுவரை இழுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள்.

அப்படி ஓர் உற்பத்தியாளர் கிலோ 250 ரூபாய் வீதம் 1,600 கிலோ பருத்தி நூல் வாங்குவதாகக் கொள்ளலாம். நூலின் மதிப்பு 4,00,000 ரூபாய். 5 சதவீத ஜிஎஸ்டி 20,000 சேர்த்து பில் 4,20,000 ரூபாய். நிபந்தனை மேலே சொன்னதுதான்: 7 நாளில் 2 சதவீதம், இல்லாவிட்டால் 45 நாள். தள்ளுபடியை வரி சேராத மதிப்பில்தான் மில் கணக்கிடுகிறது என்றால் அது 8,000 ரூபாய். 7ஆம் நாள் கட்ட வேண்டியது 4,12,000. 45ஆம் நாள் கட்ட வேண்டியது 4,20,000.

முதல் படி, 38 நாளுக்கான வட்டியைக் காண்பது. பலரும் இங்கே 8,000ஐ 4,20,000ஆல் வகுத்துவிடுகிறார்கள். ஆனால் உற்பத்தியாளரின் கையில் 38 நாள் கூடுதலாக நிற்கும் பணம் 4,20,000 அல்ல, 7ஆம் நாள் கட்டாமல் வைத்துக்கொண்ட 4,12,000 மட்டுமே. கடனின் அசல் அதுதான். ஆகவே 8,000ஐ 4,12,000ஆல் வகுக்க வேண்டும், கிடைப்பது 1.94 சதவீதம். பாடநூல்கள் தரும் சூத்திரத்தில் 2ஐ 98ஆல் வகுப்பதும் இதே காரணத்தால்தான். அதில் 2.04 சதவீதம் வருகிறது. இங்கே அதைவிடக் குறைவாக வருவதற்குக் காரணம், தள்ளுபடி வரித்தொகைக்குக் கிடைக்காமல் போனதே.

இரண்டாவது படி, 38 நாளை ஓர் ஆண்டாக விரிப்பது. 365ஐ 38ஆல் வகுத்தால் 9.605, ஓர் ஆண்டில் இத்தனை 38 நாள் தவணைகள் அடங்கும். 1.94 சதவீதத்தைத் தசமங்களை உதறாமல் இதனால் பெருக்கினால் ஆண்டுக்கு 18.65 சதவீதத் தனிவட்டி. பில்லுக்குப் பில் இதேபோல் தள்ளுபடியைக் கைவிட்டுக்கொண்டே போனால், வட்டிமேல் வட்டி சேர்ந்து கூட்டுவட்டியாக 20.29 சதவீதம் ஆகிறது. இதுவே பயனுறு ஆண்டு வீதம். எக்செல் தாளில் இரண்டையும் இப்படி எழுதலாம்:

```
=8000/412000*365/(45-7)
=(1+8000/412000)^(365/(45-7))-1
```

ஒப்பிடும்போது தனிவட்டியைத் தனிவட்டியோடும் கூட்டுவட்டியைக் கூட்டுவட்டியோடும் வைக்க வேண்டும். வங்கி ஓடி கணக்குக்கு 11 சதவீதம் என்று சொன்னால், மாதந்தோறும் வட்டி கணக்கில் ஏறுவதால் அதன் பயனுறு வீதம் 11.57 சதவீதம். எந்த வழியில் பார்த்தாலும் மில்லின் கடன் வங்கிக் கடனைவிட வெகுவாக விலை கூடியது. ரூபாயில் சொன்னால், 7ஆம் நாள் ஓடியிலிருந்து 4,12,000 எடுத்துக் கட்டி, 38 நாள் 11 சதவீத வட்டி கொடுத்தால் செலவு சுமார் 4,718 ரூபாய். மிச்சமாவது 8,000. நிகர லாபம் ஒரு பில்லுக்கு 3,282 ரூபாய். ஓடியில் வரம்பு மீதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வரம்பு முழுதும் தீர்ந்தவருக்கு அடுத்த ரூபாய் எங்கிருந்து எந்த வட்டிக்கு வருகிறதோ, அந்த வட்டிதான் ஒப்பீட்டுக்கு உரியது.

இந்தக் கணக்கைப் பெரிதும் மாற்றுவது சதவீதம் அல்ல, நாட்கள். பில்லில் 45 நாள் என்று அச்சிட்டிருந்தாலும், வழக்கமான வாடிக்கையாளர் 75ஆம் நாள் கட்டினாலும் மில் எதுவும் கேட்பதில்லை என்றால், கடனின் உண்மையான காலம் 68 நாள். அதே 8,000 ரூபாய் இப்போது 68 நாளுக்கு விரிகிறது. ஆண்டுத் தனிவட்டி 10.42 சதவீதமாக இறங்கிவிடுகிறது. ஓடியில் எடுத்து முன்னே கட்டினால் 68 நாள் வட்டி சுமார் 8,443 ரூபாய். தள்ளுபடியைவிடச் செலவு கூடிவிட்டது. 45 நாளில் சரியாகப்பட்ட முடிவு 75 நாளில் தலைகீழாகிறது. அதனால் பில்லில் உள்ள கெடுவை அப்படியே சூத்திரத்தில் போடாமல், தன் பேரேட்டில் அந்த மில்லுக்குப் பணம் போன தேதிகளைப் பார்த்துச் சராசரி நாளை எடுப்பவரின் விடையே நம்பத்தக்கது.

ஆனால் தாமதம் இலவசம் என்று எடுத்துக்கொள்வதற்கு முன் பில்லின் அடியில் உள்ள வரியைப் படிக்க வேண்டும். கெடு கடந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்று இருந்து, மில் அதை உண்மையிலேயே வசூலித்தால், 30 நாள் தாமதத்துக்கு 6,214 ரூபாய் சேரும். இழந்த தள்ளுபடியோடு மொத்தச் செலவு 14,214 ரூபாய். 68 நாளுக்கான ஆண்டு வீதம் மீண்டும் 18.5 சதவீதத்தைத் தொடுகிறது. விற்ற மில் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவானது என்றால் சட்டமும் உள்ளே வருகிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி ஒப்பந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் 3 மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாகச் சேரும். அந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவின் விளைவாக, இத்தகைய நிறுவனத்துக்குச் சட்டக் கெடுவுக்குள் கட்டாத தொகை, பணம் போன ஆண்டில்தான் செலவாக ஏற்கப்படும். மார்ச் மாதத்தில் நிலுவை வைப்பவருக்கு இது வரியாகவே வந்து விழும். ஆகவே சிறு மில்லிடம் வாங்கிய பில்லுக்கு 75 நாள் என்ற கணக்கைப் போடுவது தவறு.

நாளை எண்ணத் தொடங்கும் இடமும் கவனிக்கத் தக்கது. சில மில்கள் பில் தேதியிலிருந்தும், சில சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்தும் 7 நாளை எண்ணுகின்றன. பணம் மில்லின் கணக்கில் ஏறிய நாளே கட்டிய நாளாகக் கொள்ளப்படும் இடத்தில், 7ஆம் நாள் கொடுத்த காசோலை அதற்குப் பிறகு மாறினால் தள்ளுபடி மறுக்கப்படும். அதே சமயம் தள்ளுபடிக்காக முதல் நாளே பணம் அனுப்புவதிலும் பயனில்லை. 1ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் ஒரே 8,000தான் கிடைக்கும் என்பதால், கடைசி நாளில் ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்புவதே சிக்கனம்.

ஜிஎஸ்டி குறைத்து வரவுச் சீட்டு தரும் மில்லிடம் தள்ளுபடி 8,400 ரூபாயாகத் தெரியும்: 8,000 மதிப்பிலும் 400 வரியிலும். அந்த 400ஐ லாபமாக எண்ணக் கூடாது. உள்ளீட்டு வரி வரவு 20,000இலிருந்து 19,600ஆகக் குறைவதால் அது மறுபக்கம் போய்விடுகிறது. உள்ளீட்டு வரியை முழுதும் பயன்படுத்த முடிகிறவருக்கு இரண்டு முறையிலும் உண்மை மிச்சம் 8,000தான்.

தள்ளுபடி பல படிகளாக இருந்தால் ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கும். அதே பில்லில் 15 நாளில் கட்டினால் 1 சதவீதம் என்று இன்னொரு படியும் இருப்பதாகக் கொள்ளலாம். 15ஆம் நாள் கட்டாமல் 45வரை இழுப்பதன் விலை ஆண்டுக்கு 11.7 சதவீதம். 7ஆம் நாள் கட்டாமல் 15க்குத் தள்ளுவதன் விலையோ 44.3 சதவீதம்; எட்டே நாளுக்கு 4,000 ரூபாய் போகிறது. 18 சதவீதத்துக்கு வெளியில் கடன் வாங்குபவருக்கு 15ஆம் நாள் கட்டுவது நஷ்டம், 45ஆம் நாள் கட்டுவது அதைவிட மேல். ஆனால் அதே கடனை வாங்கி 7ஆம் நாளே கட்டுவதுதான் மூன்றிலும் சிறந்தது. ஏனெனில் 7க்கும் 45க்கும் இடைப்பட்ட வீதம் 18.65, அவர் வட்டியைவிடச் சற்றே கூட. நடுவில் நிற்கும் படி பாதுகாப்பாகத் தோன்றுவதால் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. இந்த எண்களில் அது மிக மோசமான தேர்வு.

மில்லின் பக்கம் நின்று பார்த்தால் இதே 18.65 சதவீதம், பணத்தை 38 நாள் முன்னே வாங்க மில் தரும் விலை. 11 சதவீதத்துக்கு நடைமுறை மூலதனக் கடன் கிடைக்கும் மில்லுக்கு இது கட்டுபடியாகாது. வாராக்கடன் பயமும் வசூல் அலைச்சலும் குறைவதற்கான விலையாகவும் எண்ணினால்தான் பொருந்தும். வாங்குபவர் பெரிய நிறுவனமாக இருந்தால் மில்லுக்கு வேறு வழி உண்டு. 2017இல் இயங்கத் தொடங்கிய ‘டிரெட்ஸ்’ தளங்களில் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் பில்களை வங்கிகள் ஏலத்தில் எடுக்கின்றன. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அங்கே பதிவு செய்ய வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. வாங்கிய நிறுவனம் பில்லை ஏற்றுக்கொண்டால், 4,20,000 ரூபாய் பில் 38 நாளுக்கு 9 சதவீதத்தில் ஏலம் போகும்போது மில் விட்டுக்கொடுப்பது, தளத்தின் கட்டணம் நீங்கலாக, சுமார் 3,935 ரூபாய். காரமடைச் சிறு உற்பத்தியாளரின் பில் இந்தத் தளத்துக்குப் போவதில்லை. அவருக்கும் மில்லுக்கும் இடையே சிடிதான் நடைமுறை.